சாப்பிடப் போகும் முன் ஒரு கட்டம்

நம்மவர்களுக்குக் கேட்காமலே கேட்பது கைவந்த கலை. ஒருவர் வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வெயில், மகளின் பரீட்சை, மின்விசிறி போடும் சத்தம் என்று எல்லாவற்றையும் அலசிவிட்டு, வாசலில் செருப்புக்குள் ஒரு காலை நுழைத்த பிறகு, "அப்புறம் ஒரு விஷயம்..." என்று இழுப்போம். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அந்த ஒன்றரை மணி நேரமும்.

இந்தச் செருப்பு நோய் அண்டாத ஒரே பிறவி அண்ணி. அவரை ஊரே அண்ணி என்கிறது. உண்மையில் அவருக்கு ஒரே ஒரு கொழுந்தன்தான். மற்ற எல்லோரும் ஒட்டிக்கொண்டவர்கள்.

பதினோரு வருடம் வீடு வீடாக ஏறித் தண்ணீர் ஃபில்டர் விற்றவர் அண்ணி. கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் காட்டுவார். அதைப் பற்றி ரொம்பப் பேசமாட்டார், தண்ணீரே பேசிவிடும். பிறகு, "வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆள் வருவாரு. சமையலறைச் சுவர்ல மாட்டட்டுமா, வெளிச் சுவர்லயா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் வாய் திறக்கும்வரை இவர் திறந்ததில்லை. ஒரு வீட்டில் அந்த மௌனம் நீடித்ததில் உள்ளே குக்கர் மூன்று விசில் அடித்து முடித்தது. "சமையலறைச் சுவர்லயே மாட்டிடுங்க" என்றாராம் அந்த வீட்டம்மா, யாரோ தன்னை விடுதலை செய்த குரலில்.

ஐம்பது வயதில் முழங்கால்கள் மாடிப்படிகளோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன. அண்ணி வேலையை விட்டுவிட்டுக் கொழுந்தனின் பட்டறையில் போன் எடுக்க உட்கார்ந்தார்.

கொழுந்தனுக்கு ஊர் வைத்த பெயர் ஸ்பேனர். சக்கர நாற்காலி, நடைச் சட்டம், ஊன்றுகோல் என்று நடக்க உதவுகிற எதுவும் கெட்டுப்போனால் சரிசெய்து கொடுப்பான். கூலி வாங்காத பட்டறை; நாலு பேர் கொடுக்கும் நன்கொடையில் ஓடுகிறது. அதில் ஒரு பழைய வேனும் உண்டு. சக்கர நாற்காலி உடைந்தவர் பட்டறைக்கு எப்படி வருவார்? நாற்காலி இருந்தால்தானே வர முடியும்? அதனால் வேன்தான் வீடுகளுக்குப் போகும். ஒரு நாளைக்கு ஆறு வீடு.

அந்த வேனை இலவசமாகக் கொடுத்து வைத்திருந்த மனிதர் மகனோடு வேறு ஊருக்குக் குடிபெயர்கிறார். மாதக் கடைசியோடு வேன் இல்லை. வாடகைக்கு எடுக்கலாம், அதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து பட்டறை இருக்கும், ஸ்பேனர் இருப்பான், யாரும் வர மாட்டார்கள்.

ஊர் வியாபாரிகள் சங்கம் தன் மாதக் கூட்டத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, அவனுக்குப் பத்து நிமிடம் கொடுத்தது. ஸ்பேனர் நான்கு நாள் பட்டறையைக் கூட மறந்து இருபத்திரண்டு ஸ்லைடு செய்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து ஒத்திகை பார்த்தான். பார்வையாளர்கள் இரண்டு பேர்: அண்ணி, தோளில் துண்டோடு அண்ணன்.

நன்றாகவே பேசினான். சக்கர நாற்காலி உடைந்து படுக்கையில் ஐந்து நாள் கிடந்த டியூஷன் டீச்சரின் கதை வந்தபோது அண்ணன் மூக்கை உறிஞ்சினார். கடைசி ஸ்லைடு வந்தது. சூரிய அஸ்தமனம். கூப்பிய இரண்டு கைகள். மேலே, "நன்றி! கேள்விகள்?" கீழே பொடி எழுத்தில், "தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும்..."

"அருமைடா" என்றார் அண்ணன். எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

"பாத்தியா தம்பி?" என்றார் அண்ணி.

"என்ன அண்ணி? அண்ணன் அழுதாரே!"

"அழுதாரு. அப்புறம் குளிக்கப் போனாரு. அங்க நாப்பது பேர் அழுதுட்டுச் சாப்பிடப் போவாங்க. மேலான ஆதரவுன்னா என்ன? அவங்க என்ன செய்யணும்? கை தட்டணுமா, வேன் வாங்கித் தரணுமா?"

"நாம போய் இவ்வளவு குடுங்கன்னு எப்படிக் கேக்கிறது? அவங்களுக்கே புரியும்ல?"

"இருபத்தஞ்சு வருஷமா உங்க அண்ணனோட குடித்தனம் நடத்துறேன். தானா எதுவும் யாருக்கும் புரியாது தம்பி."

குளியலறையிலிருந்து, "கேக்குது!" என்று குரல் வந்தது.

அண்ணி இன்னொன்றையும் சொன்னார். ஒரு ஸ்லைடு திரையில் அரை நிமிடம் நிற்கும். கடைசி ஸ்லைடு மட்டும் கேள்வி, பதில், தலைவரின் நன்றியுரை, மைக் இரைச்சல் எல்லாம் முடியும்வரை கால் மணி நேரம் நிற்கும். அந்தக் கால் மணி நேரமும் ஜனங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அஸ்தமனத்தை.

ஸ்பேனர் ரோஷத்தோடு உட்கார்ந்து மாற்றினான். அண்ணன் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது இரண்டாம் பதிப்பு தயார். "நன்கொடை தாருங்கள். பழைய நாற்காலிகள் தாருங்கள். தன்னார்வலராக வாருங்கள். எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள். நண்பர்களிடம் சொல்லுங்கள்."

அண்ணன் ஐந்தையும் கவனமாகப் படித்தார். "எதைச் செய்யலாம்னு யோசிச்சுச் சொல்றேண்டா" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டு சோபாவுக்கு நகர்ந்தார்.

"அஞ்சு கேட்டா ஒண்ணும் வராது" என்றார் அண்ணி. "அதுல சுலபமானதைப் பண்ணிட்டுத் திருப்தியா போயிடுவாங்க. உன் பக்கத்தைப் பின்தொடர்ந்தா வேன் ஓடுமா? உனக்கு எது வேணும்? ஒண்ணு சொல்லு."

"வேன் அண்ணி."

"மொத்த வேனும் அந்த ரூம்ல யாராலயாவது எழுந்து நின்னு சரின்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்போ ஒரு ஆள் உட்கார்ந்த இடத்துல சரின்னு சொல்ற அளவுக்கு நறுக்கு."

நறுக்கினார்கள். வாடகை, டீசல், டிரைவர், உதிரிபாகம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நாலாயிரத்து எண்ணூறு. வார நாட்களில் மட்டும் ஓட்டம்; அடுத்த மாதம் இருபத்திரண்டு நாள். "முதல்ல ஒரு மாசம் ஓடட்டும். ஓடுற வண்டிக்குக் கேக்கிறது சுலபம்" என்றார் அண்ணி.

மூன்றாம் பதிப்பில் அஸ்தமனம் இல்லை, கைகள் இல்லை. அடுத்த மாத நாட்காட்டி, இருபத்திரண்டு காலிக் கட்டங்கள். மேலே பெரிதாக ஒரே வரி: "ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள்: 4,800. அன்று ஆறு பேர் வீட்டை விட்டு வெளியே வருவார்கள்." கீழே: "சாப்பிடப் போகும் முன் உங்கள் தேதியைச் சொல்லுங்கள்." அதன் அருகே அண்ணியின் போன் எண். நன்றி என்ற சொல்லை ஸ்பேனர் இரண்டு முறை சேர்த்தான். அண்ணி இரண்டு முறை அழித்தார். "நன்றியை வாயால சொல்லு. ஸ்லைடுக்கு வேற வேலை இருக்கு."

அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பார்த்தார். கட்டங்களின் மேல் விரல் ஓடியது.

"பதினெட்டாம் தேதி யாரும் எடுக்கலையே? அன்னைக்கு நம்ம கல்யாண நாள்" என்றார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

அண்ணி லேப்டாப்பை மூடினார். "போதும் தம்பி. இதுதான்."

கூட்டத்தன்று, ஸ்பேனருக்கு முன்பு பேசிய விருந்தினர் ஒருவர் வெற்றியின் ஏழு படிகளைப் பற்றிப் பேச வந்து, நாலாவது படியிலேயே குடியேறிவிட்டார். அவரை இறக்கும்போது மணி ஒன்று பத்து. பக்கத்து அறையில் தட்டுகள் கலகலத்தன. தலைவர் மைக்கில், "தம்பி ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடுவாரு" என்றார். அது அறிமுகமா தீர்ப்பா என்று தெரியவில்லை.

ஸ்பேனர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். இருபத்திரண்டு ஸ்லைடை இரண்டு நிமிடத்தில் எப்படி? லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த அண்ணி அவனைப் பார்த்து விரலால் மடக்கு மடக்கு என்று சைகை காட்டினார். டீச்சரின் படத்தை மட்டும் காட்டினார். அவன் அவளைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னான். உடனே அண்ணி கடைசி ஸ்லைடின் எண்ணான இருபத்திரண்டைத் தட்டி என்டரை அழுத்தினார். நடுவில் இருந்த எல்லாம் காணாமல் போய்த் திரையில் நாட்காட்டி வந்து நின்றது.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து எங்களுக்கு வேன் இல்ல" என்றான் ஸ்பேனர். "ஒரு நாள் ஓட நாலாயிரத்து எண்ணூறு. அதுல ஆறு பேர் வெளிய வருவாங்க. உங்கள்ல யார் எந்த நாளை எடுத்துக்கிறீங்க?"

நாற்பது பேரும் கட்டங்களைப் பார்த்தார்கள். ஸ்பேனர் வாயைத் திறந்தான். "இல்ல, சிரமம்னா பரவாயில்ல, உங்களுக்கு எப்போ வசதியோ..." என்ற வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டதை அண்ணி பார்த்தார். எழுந்து போய் அவன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் திணித்தார்.

"குடி" என்றார் பல்லுக்கிடையில். "முழுசா."

குடித்தான். சங்க வரலாற்றிலேயே அவ்வளவு நிதானமாக யாரும் தண்ணீர் குடித்ததில்லை.

டம்ளர் பாதி இறங்கியபோது, எதற்கும் பணம் தராததில் புகழ்பெற்ற இரும்புக்கடைக்காரர் கையைத் தூக்கினார். "ஆறு பேருன்னு போட்டிருக்கு. ஆறுக்குக் குறைஞ்சா?"

ஸ்பேனர் வாயைத் துடைத்துக்கொண்டான். "நீங்களே வண்டியில வந்து எண்ணிக்கலாம்ணே."

சிரிப்பு கிளம்பியது. "சரி, ஒண்ணாம் தேதி எனக்கு" என்றார் இரும்புக்கடைக்காரர். "முதல் நாளே உங்க கதை தெரிஞ்சிடும்."

அண்ணி ஸ்லைடு ஷோவை நிறுத்தி, அதே பக்கத்தைத் திருத்தும் நிலையில் பெரிதாக்கி, முதல் கட்டத்தில் அவர் பெயரைத் தட்டினார். ஓரத்தில் கோப்பின் பெயர், "கடைசி_இதுதான்_சத்தியமா_7" என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. திரையில் ஒருவர் பெயர் ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு அது பொறுக்குமா?

"எனக்கு ஒம்போது!"

"ஒம்போது என் பேத்தி பிறந்த நாள்யா, நீ வேற எடு!"

"என் சம்சாரத்துக்கும் அதே நாள்தான். வீட்டுக்கு நான் போக வேண்டாமா?"

"பாதிப் பாதி போட்டுக்கோங்க, ஒரே கட்டத்துல ரெண்டு பேர் எழுதிடறேன்" என்றார் அண்ணி தலை நிமிராமல். யாரோ சனிக்கிழமைக்கு ஏன் கட்டம் இல்லை என்று சண்டைக்கு வந்தார். பதினெட்டைக் கேட்ட துணிக்கடைக்காரரிடம், "அது எங்க வீட்டுக்காரர் எடுத்தாச்சு" என்று கறாராகச் சொல்லிப் பத்தொன்பதைத் தலையில் கட்டினார். தட்டுகள் கலகலத்து அலுத்துப் போயின. பரிமாற வந்தவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றே முக்காலுக்கு இருபது கட்டங்கள் நிரம்பியிருந்தன. மீதி இரண்டும் மறுநாள் போனில் வந்தன. இரண்டும் கூட்டத்துக்கே வராதவர்கள். யாரோ திரையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

ஒன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு வாடகை வேன் பட்டறை வாசலில் நின்றது. முன் இருக்கையில் இரும்புக்கடைக்காரர், கையில் ஒரு சின்ன நோட்டு. சொன்னபடி எண்ண வந்துவிட்டார். முதல் வீட்டில் ஒரு கோடு போட்டார். இரண்டாம் வீட்டில் ஸ்பேனருக்கு மூன்றாவது கை தேவைப்பட்டது. நோட்டைப் பையில் வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். மூன்றாம் வீட்டில் அச்சாணியைப் பார்த்து, "இது என்ன மட்டமான இரும்பு? யார்கிட்ட வாங்கினீங்க?" என்று சத்தம் போட்டார்.

சாயங்காலம் பட்டறை போன் அடித்தது. அண்ணி எடுத்தார்.

"ஏழு வீடு அண்ணி" என்றார் இரும்புக்கடைக்காரர், கணக்கில் ஏமாற்றப்பட்டவர் குரலில். "ஆறுன்னுதானே போட்டிருந்தீங்க?"

"ஆமா. அடுத்த மாசமும் ஒண்ணாம் தேதியே போடட்டுமா, இல்ல ரெண்டா?"

கேட்டுவிட்டு அண்ணி வாயை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது, யாரோ எடைக்கல்லை இறக்கினார்கள், கடைப்பையன் எதற்கோ கூப்பிட்டான்.

"ஒண்ணு" என்றார் இரும்புக்கடைக்காரர்.