நான் முதுகு காட்டிய ஆறு காலைகள்

இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்தவளைப் பார்த்துக் கேட்டார். அவர் அப்படிக் கேட்கும்படி ஆனதற்கு யார் காரணம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. மகளைச் சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் அவரும் நானும்தான். அவர் விடிவதற்கு முன்னால் ஏரியில் எறா, அதாவது இறால், பிடிக்கப் போய்விடுவார். நான் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தத்தில் கண் விழிப்பார். விழித்ததும் படுத்தபடியே, "இன்னாமே, விடிஞ்சிடுச்சா?" என்பார். "உனுக்குத் தெரியாமயா விடியும்? ஏந்திரி" என்பேன் நான். இருபத்திரண்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்தான். வெளியூர்க்காரர்கள் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பார்கள்.

இருந்தது, ஐயா. அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். குரல் கரகரத்தால் பனியில் சளி பிடித்திருக்கிறது. "விடிஞ்சிடுச்சா" என்பதை இழுத்துச் சொன்னால் முட்டி வலி. கேள்வியே வராமல் வெறுமனே எழுந்து உட்கார்ந்தால் மனசில் ஏதோ கிடந்து அரிக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் அப்படித்தான். என் பதிலில் சுருதி குறைந்தால், "இன்னா, தலவலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீயை எடுப்பார். சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து அவருக்குச் சர்க்கரை போடாத டீ. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார், கடைசி மடக்கை டம்ளரில் விட்டு என்னிடம் நீட்டுவார். அதை நான் குடிப்பேன். அந்தக் கசப்பை வேறு யார் குடிப்பார்கள்!

கிளம்பும்போது "வரேன்மே" என்பார். "ம், வா" என்பேன். தண்ணீரில் இறங்குகிறவன் "போறேன்" என்று சொல்லக் கூடாது. எங்கே போகிறாய் என்று நாங்களும் கேட்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், படி இறங்கியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வலை காலியாக வரும் என்பார்கள், அதைவிட மோசமாகவும் சொல்வார்கள்.

சண்டை அதில்தான் வந்தது. தை மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் செல்போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் யோசிக்காமல், "யோவ், போனு!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன். அன்று பார்த்து நண்டு கடித்து வலை கிழிந்து, கூடையில் ஒரு பிடி எறாகூட இல்லாமல் வந்தார். கரையில் அத்தனை பெண்களும் மீன் வாங்க நிற்கிறார்கள். எல்லார் எதிரிலும், "எப்பிடி வரும்? வூட்லயிருந்தே பின்னால கூப்டு அனுப்பறா!" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும், குப்பத்துக்கே தெரியும்.

"இனிமே உன்ன பின்னாலயும் கூப்டமாட்டேன், முன்னாலயும் கூப்டமாட்டேன்" என்றேன்.

சொன்னதைச் செய்தேன். மறுநாள் காலை அவர், "இன்னாமே, விடிஞ்சிடுச்சா?" என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். இரண்டாம் நாளும் கேட்டார். நான் பாத்திரத்தை உருட்டினேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. அவருக்கும் வீம்பு இருக்கிறதே! டீயைப் பக்கத்தில் வைப்பேன், தொடாமல் போவார். ராத்திரிச் சோற்றைத் தட்டில் போட்டு மூடி, மூடிமேல் அவருடைய சர்க்கரை மாத்திரையை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் மாத்திரையில் நான் குறை வைக்கவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. காலையில் தட்டு காலியாகக் கழுவிக் கவிழ்த்திருக்கும். வயிறு நிறைகிறது, வாய்தான் பேசவில்லை, பேசாமல் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை. நான் வழக்கம்போல அடுப்பைப் பார்த்து நின்றேன். பின்னால் அவர் எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏதோ முனகினார். சமாதானத்துக்கு வருகிறார், வரட்டும், இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தார், வாசலுக்குப் போனார். அங்கே நின்று, "போறேன்" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. புயல் எச்சரிக்கை வந்த நாளில்கூட "வரேன்" என்றுதான் சொல்வார். அடப்பாவி, என்னைத் தண்டிக்க இந்த அளவுக்கா போவான் மனுஷன்! ஆத்திரத்தோடு திரும்பினேன். ஆறு நாளில் முதல் தடவையாக அவரைப் பார்த்தேன்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பனியில், நான் சேலையை இழுத்துப் போர்த்தியிருக்கும் குளிரில், அவர் குளித்தெழுந்தவர் மாதிரி நனைந்திருந்தார். கால் பின்னிக்கொண்டு நடந்தார். குடித்திருக்கிறாரா? விடியற்காலையில் அவர் குடிப்பவர் இல்லை. படகு கட்டியிருந்த இடத்தைத் தாண்டி, வெறும் தண்ணீரைப் பார்த்து நேராக நடந்தார்.

கூப்பிட வாயைத் திறந்தேன். பின்னால கூப்டமாட்டேன் என்று சொன்ன சொல் குறுக்கே வந்து நின்றது. மறுபடியும் ஊர் எதிரில் அந்தப் பேச்சைக் கேட்கவேண்டுமா என்றும் தோன்றியது. வெட்கக்கேடு, இரண்டு நொடி நான் யோசித்தேன்! அவர் கணுக்கால் தண்ணீரில் இறங்கிவிட்டது. அதற்குமேல் தாங்கவில்லை.

"யோவ்! நில்லுயா!"

அவர் திரும்பவில்லை. ஓடிப்போய் எதிரில் நின்று தோளைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது, அவர் கை வெடவெடவென்று ஆடியது. வாயை முகர்ந்தேன், சாராய வாடை இல்லை. கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் கேட்டார், "நீ யாரு?"

மாத்திரை கொடுக்க மாதாமாதம் வீட்டுக்கு வரும் ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது. வேர்த்துக் கொட்டி, நடுங்கி, உளறினால் ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லை, இறங்கிவிட்டது என்று அர்த்தம். முழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். படகருகே நின்றிருந்த என் கொழுந்தனார் ஓடிவந்தார். "ஓடு, உன் வூட்ல சக்கர எடுத்தா!" என்று கத்தினேன்.

"அண்ணனுக்கு சக்கரையா? இன்னா அண்ணி, சாவடிக்கப் போறியா?"

"எடுத்தாடா சோமாறி!"

கொழுந்தனாரை நான் ஒருநாளும் 'டா' போட்டதில்லை. அவர் ஓடிப்போய்ச் சர்க்கரையும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்தார். மணலில் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து, முழுங்குகிறாரா என்று முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். முழுங்கினார். சொம்பில் ஒரு கை சர்க்கரையைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பாதி மார்பில் வழிந்தது. என் கையைத் தட்டிவிட்டார், என்னைத் திட்டினார். "திட்டுயா, நல்லா திட்டு, ஆனா குடி" என்றேன். இந்த வாய்க்குத்தானே ஆறு நாளாகப் பூட்டுப் போட்டிருந்தேன், பாவி நான்!

வானம் வெளுக்கிற நேரத்துக்கு நடுக்கம் அடங்கியது. என்னைப் பார்த்தார். இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தார். "ஏமே அழுவற?" என்றார். அழுவது எனக்கே தெரியவில்லை.

மாத்திரையின் வேகம் உடம்பில் இன்னும் இருக்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதும் நினைவிருந்தது. இரண்டு பிஸ்கட்டைத் தின்னவைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் குறைவாகத்தான் இருந்தது. கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"நைட்டு மாத்திர போட்டாரா?" என்று நர்ஸ் கேட்டார்.

"போட்டாரு."

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு. தட்டு காலியா இருந்திச்சே" என்றேன், தைரியமாக.

கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. "சாப்டல."

எனக்குப் புரியவில்லை. "அப்ப சோறு?"

"மூணு நாளா நாய்க்குப் போட்டேன். நாய்க்கு வைக்கிற மாரி வச்சிட்டுப் போயிட்ட. 'சாப்புடுயா'னு ஒரு வார்த்த சொல்லல. நாய்க்கே போட்டுட்டேன்."

சோறு இல்லாத வயிற்றில் மூன்று ராத்திரி அந்த மாத்திரை. நானே எடுத்து வைத்த மாத்திரை, குறை வைக்காமல் வைத்த மாத்திரை. சாப்பிடாமல் அதைப் போட்டால் விடியற்காலையில் இப்படித்தான் ஆகும் என்று நர்ஸ் எனக்கு விளக்கினார். அப்புறம் கேட்டார், "காலைல வேர்க்கறது, நடுங்கறதெல்லாம் எத்தினி நாளா இருக்குது?"

என்னைத்தான் கேட்டார். ஆறு காலையும் அவருக்கு நான்கு முழம் தள்ளி அடுப்படியில் நின்றவள் நான், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காதவள்.

"முந்தாநாள்லருந்து" என்றார் அவர். "கடையில சக்கர போட்டு ஒரு டீ குட்ச்சா சரியாப் போயிடும். இன்னிக்குக் கடை வரைக்கும் போவ முடியல."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?" என்று நான் கத்திவிட்டேன். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் கோபப்படவில்லை. "சொல்லத்தான் குந்தினு இருந்தேன். வாய் வரல. நீ திரும்புவனு பாத்தேன்" என்றார்.

அந்த முனகல்! கெஞ்சட்டும் என்று நான் நின்ற அந்த நேரம்! கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மாத்திரையை டாக்டர் மாற்றுவார், கொஞ்ச நாளைக்குக் காலையில் எழுந்ததும் இவரிடம் ஒருவர் பேச்சுக் கொடுத்துப் பார்க்கவேண்டும், பேச்சு சரியில்லை என்றால் உடனே தெரியும் என்றார். பிறகு நிமிர்ந்து, "வீட்ல காலைல இவரப் பாத்துக்க யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். நான் இருக்கிறேன் என்று சொல்லவேண்டும், இரண்டே வார்த்தைதான், வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

டிரிப்ஸ் ஏறாத கையை என் பக்கம் நீட்டி என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"இவ இருக்கா."