எட்டா, மூன்றா

அரசுத் தேர்வுக்குக் கச்சிராயபாளையத்து வீட்டிலிருந்தே போனில் படித்தேன். ஒரு நாளைய டேட்டா இரண்டு வகுப்புக்கும் வர வேண்டும். அதனால் டேட்டா சேவரைப் போட்டு வைத்திருந்தேன். படம் மங்கிவிடும். கரும்பலகையில் எட்டும் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். வாத்தியாரோ எண்ணைச் சொல்லாமல், "இதைப் பாருங்க" என்று தட்டிக்கொண்டே இருப்பார்.

"இன்னாடி, கண்ண சுருக்கிக்கினு பாக்கற?" என்றாள் அம்மா.

"எழுத்து தெரியலம்மா."

"தெரியிற மாதிரி வையேன்."

"வெச்சா பாதி பாடத்துலயே டேட்டா தீந்துடும்."

ஒரு நாள் எரிச்சலில் டேட்டா சேவரை அணைத்துவிட்டு, பழைய பாடங்களை முதலிலிருந்து ஓட்டினேன். பலகை பளிச்சென்றது. நான் எட்டு என்று எழுதியிருந்ததில் பாதி மூன்று. நோட்டைத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் படம் நின்று, வட்டம் சுற்றத் தொடங்கியது. மீதி நாற்பது பக்கத்தையும் அப்படியே மனப்பாடம் செய்தேன்.