உயரம் எவ்வளவு என்று கேட்டவள்

ஹட்டன் கடைத்தெருவில் மக்பூல் முதலாளியின் புடவைக்கடையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. அங்கேதான் ஜெயந்தினி வேலை பார்த்தாள். கைத்தறிச் சேலைகளைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போடுவது, படத்துக்குக் கீழே விவரம் எழுதுவது, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது, கட்டி அனுப்புவது எல்லாம் அவள்தான். டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஆள் கட்டை, வாய் நீளம். கடைக்கே அவள் வாய்தான் வியாபாரம் என்று முதலாளி சொல்வார்.

ஆனால் அந்த வாயையும் மீறி ஒரு காலம் சேலைகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்றால், முந்தானை ஓரத்தில் மஞ்சளோடு வந்தன! நம் சனத்துக்குப் புதுத்துணி கைக்கு வந்தால் போதும், சாமி படத்துக்கு முன்னால் வைத்து ஒரு மூலையில் மஞ்சள் தடவினால்தான் மனசு ஆறும். தடவிய பிறகுதான் விரித்துப் பார்ப்பார்கள். பார்த்தால் ரவிக்கைத் துணி இருக்காது, அல்லது அகலம் போதாமல் கணுக்காலுக்கு மேலே நிற்கும். மஞ்சள் பட்ட பருத்தியை வேறு யாருக்கு விற்பது?

“இப்பிடியே போனா ஒன்லைன் வியாபாரத்த மூடிட்டுப் போக வேண்டியதுதான் புள்ள” என்றார் மக்பூல். மூடினால் ஜெயந்தினிக்கு வேலை இல்லை. சங்கதி அவ்வளவுதான்.

அவள் உட்கார்ந்து விவரத்தைப் புதிதாக எழுதினாள். இங்கிலீஷ் பக்கங்களைப் பார்த்து எழுதிய பழையதைத் தூக்கிக் கடாசினாள். “சேலை ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணி இருந்தால் அதற்கு மேல் எண்பது சென்டிமீட்டர். இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதியிருப்போம், முந்தானையில் வெட்டிவிடாதீர்கள். உயரமானவர்களுக்கு நீளம் பார்த்துப் பயனில்லை, அகலம் பாருங்கள். ஐந்தடி ஆறுக்கு மேல் என்றால் நாற்பத்தெட்டு அங்குலம் வேண்டும். கட்டப்போகிறவரின் உயரத்தைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். விரித்துப் பார்த்த பிறகு மஞ்சள் தடவுங்கள். தடவியதை மாற்ற முடியாது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். நிழலில் காய வையுங்கள். பனிக்காலத்தில் ஈரம் இருக்கும்போது மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.”

சும்மா சொல்லக்கூடாது, கைமேல் பலன். திரும்பி வருகிற பொட்டலம் அத்தி பூத்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளி அவளுக்குத் தினம் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். போனில் வாங்குகிறவர்களிடமும் அவள் முதலில் கேட்பது அதே கேள்விதான். கட்டப்போறவங்க எவ்வளவு ஒசரம்?

அந்தக் கேள்விதான் அவள் தலையில் விழுந்தது.

நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் சுமன் என்று ஒருவன். கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. லீவுக்கு வரும்போதெல்லாம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஜெயந்தினிக்காகக் காத்து நிற்பான். “தை பொறக்கட்டும், அம்மாவ ஒங்க வீட்டுக்கு அனுப்புறேன்” என்று சொல்லியிருந்தான். இந்தப் பைத்தியக்காரியும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், அவன் பேச்சு அப்படி.

தை பிறந்தது. ஒருநாள் மத்தியானம் கடைப் போன் அடித்தது.

“நான் நோர்வூட்லருந்து நாகலெட்சுமி பேசுறேன். மகனுக்குப் பரிசம் போடுறோம், பொண்ணுக்கு ஒரு சேலை வேணும். ஒங்க படத்துல அரக்குக் கலர் ஒண்ணு பாத்தேன்.”

நாகலெட்சுமி சுமனின் அம்மா. ஜெயந்தினி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். ஆகா, சொல்லிவிட்டான்! நான் இங்கே இருப்பது தெரியாமல் எனக்கே சேலை கேட்கிறார்களே என்று சிரிப்பு வேறு வந்தது. அத்தை என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“சரிங்கம்மா. கட்டப்போறவங்க எவ்வளவு ஒசரம்?”

என்ன சொல்லப்போகிறாள், கட்டைதான், மகன் தோளுக்குக்கூட வரமாட்டாளாம் என்பாள். அந்தப் பதிலுக்காகக் காதைப் போனோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“ஒசரமான புள்ளதாம்மா. அஞ்சடி ஏழாம். மகன்தான் சொன்னான். கூட வேல செய்யிற புள்ளயாம், அவனே பாத்துப் புடிச்சது.”

ஜெயந்தினி ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு.

“என்னாம்மா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேம்மா. ஒரு நிமிசம், சேலைய எடுத்துப் பாத்துச் சொல்றேன்.”

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கைப்போனில் சுமனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தான், அந்த ஒரு தைரியம் இருந்தது.

“ஜெயா… நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்றான்.

“எப்ப? சேலையக் கட்டி முடிச்ச பொறகா?”

அவள் வைத்துவிட்டாள். பாவிப்பயல், ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் அவள் அந்தக் கேள்வியை வேறு யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லியிருப்பாள்.

அரக்குச் சேலையை எடுத்து இஞ்ச் டேப்பை வைத்து அளந்தாள். அகலம் நாற்பத்து நான்கு. அந்த உயரத்துக்கு எட்டவே எட்டாது. அனுப்பினால் நாகலெட்சுமி சாமிக்கு வைத்து மஞ்சளைத் தடவிவிடுவாள். பரிசச் சேலை ஆயிற்றே, யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். அப்புறம் சபையில் அந்தப் பெண் கணுக்கால் தெரிய நிற்பாள், சுமன் தலைகுனிவான். ஒரு வார்த்தை பேசாமல் பொட்டலம் கட்டினால் போதும்.

ஜெயந்தினி சேலையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல், முந்தானையில் கண்ணீர் விழாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“அம்மா, அரக்கு வேணாம். அகலம் பத்தாது. மாம்பழக் கலர்ல நாப்பத்தெட்டு இருக்கு, ரவிக்கைத் துணியும் இருக்கு. விரிச்சுப் பாத்துட்டு மஞ்சத் தடவுங்க. மொதத் தண்ணியில தனியா அலசச் சொல்லுங்க, கலரு வரும்.”

“நல்லா இருக்கணும் நீ, தாயீ. பெத்த புள்ள மாதிரி சொல்ற.”

சேலை போயிற்று, திரும்பி வரவில்லை.

பரிசம் முடிந்த வாரம் நாகலெட்சுமி கடை நம்பருக்கு ஒரு படம் அனுப்பினாள். மாம்பழச் சேலையில் நெடுநெடுவென்று ஒரு பெண், கொசுவம் பாதம் தொட்டு நின்றது. பக்கத்தில் சுமன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. முதலாளி பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார்.

“அடேயப்பா, அளவெடுத்து நெய்ஞ்ச மாதிரியில்ல இருக்கு! நம்ம பக்கத்துல போடு புள்ள. ஒசரமானவங்களுக்கு எது வாங்கணும்னு பாத்தாலே வெளங்கிரும். மாப்பிளய மட்டும் வெட்டிரு, சேலை பெருசாத் தெரியட்டும்.”

அவள் படத்தைத் திறந்தாள். ஓரத்தை விரலால் இழுத்து இழுத்துச் சுமனை வெளியே தள்ளினாள். பெண்ணின் தோளில் அவன் கை மட்டும் மிச்சம் நின்றது. அதை வெட்டினால் முந்தானையும் போய்விடும். அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுதினாள்.

“கட்டியிருப்பவரின் உயரம் ஐந்தடி ஏழு. சேலையின் அகலம் நாற்பத்தெட்டு அங்குலம்.”

“சரியா இருக்கா?” என்று முதலாளி கேட்டார்.

“சரியாத்தான் இருக்கு மொதலாளி” என்றாள் ஜெயந்தினி. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இந்தத் தடவை கடைக்கே கேட்கும்படி அழுதாள்.