இருபத்தாறு

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒருவர் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டைக் கையில் பொட்டுப் பொட்டாக எரிந்திருந்த ஓட்டைகளே யாரென்று சொல்லிவிட்டன. நான் எழுதிக் கொடுத்த ஒரு தாளால் வேலை போனதாகக் கேள்விப்பட்டிருந்த வெல்டர்.

"அரியலூர் சிமெண்ட் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதினது நீங்கதானுங்களா?"

"ஆமாண்ணே. உக்காருங்க."

"உக்காரல்லாம் வேணாம் தம்பி. கேட் பாஸைப் புடுங்கிட்டாங்க. விக்கிரமங்கலத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்துருக்கேன். அந்த மெஷின் என்ன சொன்னுச்சுன்னு எனக்கும் காட்டுங்க."

நடந்தது இதுதான். அந்த ஆலையில் தூள் அளந்து கொட்டும் ஒரு சின்னத் தொட்டி, மூன்று லோட் செல்களில் தொங்குகிறது. கட்டைவிரல் தடிமன் உள்ள இரும்புத் துண்டுகள்தான். எடை இழுக்கும்போது துளியூண்டு நீளும், அந்த நீட்சியை மின்சாரமாகச் சொல்லும். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புத் தாங்கியில் இவர் வெல்டிங் வைத்த மறுநாளிலிருந்து எடை தவறாகக் காட்டியது. வெல்டிங் மின்சாரம் செல் வழியாகப் பாய்ந்தால் அது செத்துவிடும். அதனால் எஞ்சினியர் மூன்றையும் கழற்றி, பெரம்பலூரில் தராசும் செல்லும் சரிபார்க்கும் என் பட்டறைக்கு அனுப்பினார்.

முறைப்படிதான் பார்த்தேன். செல்லைச் சட்டத்தில் தொங்கவிட்டு, தட்டின் எடையைக் கழித்து, இருபது கிலோ எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு வோல்ட் கொடுத்தால் எத்தனை மில்லிவோல்ட் திரும்பி வருகிறது என்பதுதான் கணக்கு. இந்தச் செல்லில் நூறு கிலோவுக்கு இரண்டு வர வேண்டும். இருபது, நாற்பது, அறுபது, எண்பது, நூறு, பிறகு அதேபடி இறக்கம். புள்ளிகள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் விழுந்தன. நூறு கிலோவை அரை மணி நேரம் அப்படியே விட்டேன். எடை மாறாமலே எண் மெல்ல ஊர்ந்து நகர்ந்தால் செல் தளர்ந்துவிட்டது என்று பொருள். கடைசி இலக்கத்தில் ஒன்று மாறியது, அவ்வளவுதான். இறக்கியதும் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. செல் செய்த கம்பெனியின் சான்றிதழில் நூறு கிலோவுக்கு 2.0001 என்று இருந்த செல் 2.0027 காட்டியது. 1.9998 என்பது 2.0024 ஆனது. மூன்றாவது 2.0003-க்குப் பதில் 2.0029. ஆலை அனுமதித்த வித்தியாசம் 0.0020.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகும் பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். கெட்ட செல்லை நல்லது என்று எழுதி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நல்லதைக் கெட்டது என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம், ஒரு புது செல் வாங்குவார்கள். இப்படித்தான் நினைத்தேன். 'வெல்டிங் மின்சாரம் பாய்ந்திருக்கலாம். மூன்றும் தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளின் நகலை வெல்டர் அண்ணனிடம் நீட்டினேன். எண்களின் மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"எர்த் கிளிப்பை வெல்டிங் வெச்ச எடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போட்டேன் தம்பி. கரண்டு அந்த கிளிப்பு வழியாவே திரும்பிரும், செல்லு பக்கம் போவாது. சரி, நான் சொன்னா யாரு கேக்குறா. இது என்ன, இங்க இருவத்தாறு கூட. இங்கயும் இருவத்தாறு. இங்கயும் அதே."

"ஆமாண்ணே."

"மூணு பேருக்குக் காச்ச வந்தா மூணு பேருக்கும் ஒரே டிகிரியா தம்பி இருக்கும்? கரண்டு என்ன, பந்தியில சாம்பார் ஊத்துற மாதிரி ஆளுக்கு ஒரு கரண்டின்னா ஊத்திட்டுப் போவும்?"

சிரிக்க வேண்டிய பேச்சு. தாளை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி பார்த்தேன். பத்தொன்பது வருஷமாகச் செல் பார்க்கிறேன். மின்சாரம் அடித்த செல்லின் பூஜ்யம் எங்கோ ஓடிப்போயிருக்கும், எண் நிற்காமல் ஆடும், ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பது பிழைத்திருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை அப்படி எழுதியிருக்கிறது.

பெட்டி பிரிக்காத புதுச் செல் ஒன்று அலமாரியில் இருந்தது. சான்றிதழில் 2.0004. அதைத் தொங்கவிட்டேன். கற்களை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவது கல் ஏறியதும் மீட்டர் ஆடி நின்றது: 2.0030.

"இதுக்குமா கரண்டு பாஞ்சுருச்சு?" என்றார்.

வேறு மீட்டரை மாட்டினேன். அதுவும் 2.0030 என்றது. செல் சரி, மீட்டர் சரி. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகம் வந்தால் எதை வைத்துத் தீர்ப்பேனோ, அதுவே அது.

அண்ணன் கையில் இருந்த கல்லைத் திருப்பிப் பார்த்தார். "பெயிண்டு நல்லா அடிச்சிருக்கீங்க. ரெண்டு கோட்டா?"

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என் கையால் அடித்தது. கற்கள் துருப்பிடித்து அசிங்கமாக இருக்கின்றன என்று அடியில் பிரைமர் கொடுத்து, மேலே இரண்டு கோட்டு வெள்ளிச் சாயம். காய்ந்ததும் சந்தனம், குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினேன். நாலு பேர் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார்கள்.

வேனுக்கு ஓடினேன். ஸ்டெப்னி உருளாமல் இருக்க அதற்கு முட்டுக் கொடுத்திருந்த ஆறாவது கல்லை அன்றைக்கு எடுக்க மறந்து, சாயம் அடிக்காமலே விட்டிருந்தேன். அதைத் தூக்கி வந்து ஒரு கிராம் வரை காட்டும் மேசைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கினேன். எடுத்துவிட்டு வெள்ளிக் கல் ஒன்றை வைத்தேன்.

26.

அடுத்தது 25. பிறகு 27. பிறகு 26. கடைசியும் 26.

ஐந்துக்கும் சேர்த்து நூறு கிலோவில் நூற்று முப்பது கிராம் கூட, மீட்டரில் கூடுதலாக வந்த அந்த இருபத்தாறு இதுதான். கல் எல்லாம் ஒரே மாதிரி கனத்ததால்தான் கோடு நேராகவே விழுந்திருக்கிறது. கோணலாக விழுந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். பூஜைக்குப் பிறகு இந்தக் கற்களை வைத்து நான் சரிசெய்த தராசுகள் எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன. திருமானூரில் நெல் கொள்முதல் செய்கிற இடம், ஏலாக்குறிச்சியில் இரண்டு கடை. அங்கெல்லாம் இருபது கிலோ நெல் வைத்தால் இருபத்தாறு கிராம் குறைவாகக் காட்டும். நான்தான் அப்படிக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

"கேஸ் பத்த வெச்சு ஒரு ஓட்டு ஓட்டுனா பெயிண்டு பூரா எரிஞ்சுரும். ஓட்டவா?" என்றார் அண்ணன்.

"ஐயோ, தொடாதீங்கண்ணே. இனிமே அதை எடைக்கல்லுக்கு முத்திரை போடுற ஆபீஸ்காரங்கதான் தொடணும்."

எஞ்சினியருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். இவர் கேட்க வேண்டும் என்றுதான்.

"சார், மூணு செல்லும் நல்லா இருக்கு. என் எடைக்கல்லுதான் தப்பு."

"என்னய்யா சொல்ற? கல்லே தப்புன்னா நீ எதுக்குய்யா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன் சார். அந்த வெல்டர் மேல தப்பில்ல. தொட்டி எங்கயாவது முட்டுதான்னு பாருங்க."

"போன்ல சொன்னா ஆச்சா? அந்த ஆளோட பாஸைப் பிடுங்கினது சேஃப்டி ஆபீசர். அவர் முன்னாடி வந்து சொல்லு."

சாயம் அடிக்காத ஒற்றைக் கல்லையும் வெள்ளிக் கல் ஒன்றையும் தராசோடு வேனில் ஏற்றினேன். அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்தார். அரியலூர் வரை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சேஃப்டி ஆபீசர் மேசையில் இரண்டு கற்களையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது எஞ்சினியர் உள்ளே வந்தார். தொட்டிக்கு மேலே இருக்கும் துணிக்குழாய் தூள் இறுகிக் கல்லாகிவிட்டதாம். அதுதான் தொட்டியைத் தாங்கிப் பிடித்திருந்ததாம்.

ஆபீசர் டிராயரைத் திறந்து பாஸை எடுத்து மேசையில் வைத்தார். அண்ணன் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எஞ்சினியரைப் பார்த்தார்.

"அந்தத் தாங்கியில இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு சார். போய் முடிச்சுரவா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாங்க தம்பி. எர்த் கிளிப்பு எங்க போடுறேன்னு வந்து நின்னு பாருங்க."

போய் நின்று பார்த்தேன். வெல்டிங்குக்கும் கிளிப்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.