பன்னிரண்டால் வகுத்தேன்

சம்பளத்தை உயர்த்தித் தாருங்கள் என்ற ஒரு வரியைக் கேட்பதற்கு நான் பதினேழு பக்கம் தயாரித்தேன். முதல் பக்கத்தில் வணக்கம், கடைசிப் பக்கத்தில் நன்றி. நடுவில் ஓரிடத்தில், என்ன நினைத்துக்கொண்டேனோ, ‘என் குறைகள்’ என்று ஒரு தலைப்பும் இருந்தது.

மதுரை பைபாஸ் சாலையில் இருக்கும் எங்கள் அலுவலகம் வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்குக் கட்டுரைகளைச் சரிபார்த்து அச்சுக்குத் தயார் செய்து அனுப்புகிறது. நான் அங்கே ஐந்து வருடமாக இருக்கிறேன். போன வருடம் ஜனவரியிலிருந்து ஜூன் வரை பேறுகால விடுப்பு. உயர்வுப் பட்டியல் போட்ட ஏப்ரலில் நான் ஆளே இல்லாததால் பட்டியலில் என் பெயரும் இல்லை. திரும்பி வந்த பிறகு, அதைக் கேட்பது நன்றாக இருக்குமா என்று யோசிப்பதிலேயே ஒன்பது மாதம் போய்விட்டது.

இந்த வருடம் யோசிக்க முடியவில்லை. பசுமலையில் குழந்தையை விடும் காப்பகத்தில் ஜூன் முதல் கட்டணம் ஏறுகிறது. அதையும் ஆட்டோவையும் கழித்தால், என் இருபத்து நாலாயிரத்தில் மிஞ்சுவது வேலைக்குப் போவதற்கான காரணமாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. கணவரும் நானும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். இருபத்தெட்டாயிரமாவது கிடைத்தால் தொடர்வது, இல்லையென்றால் மே மாதத்தோடு நின்றுவிடுவது. “எதுனாலும் எனக்குச் சம்மதம்” என்றார் அவர். எனக்குத்தான் ஒன்றில் சம்மதம் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பேராசையாகத் தெரியுமோ என்று பயம்.

பக்கத்து இருக்கைக்காரி என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டுக்குப் போன் பேசும்போது சௌராஷ்டிர மொழியில் கொஞ்சுவாள். போனை வைத்ததும் என்னைத் தமிழில் திட்டுவாள். பதினேழு பக்கத்தையும் மதிய உணவு நேரத்தில் புரட்டினாள்.

“எதுக்குடி சென்னைச் சம்பளமா அடுக்கி வச்சிருக்க?”

“அதுதான் பெருசா இருந்துச்சு.”

“அப்ப சென்னைக்குப் போன்னு சொல்லிருவாரு. மதுரையில இதே வேலைக்கு, இதே அனுபவத்துக்கு என்ன தர்றாங்கன்னு எடு. ஆகப் பெருச எடுக்காத, நடுவுல இருக்கறத எடு. இது என்ன, ‘என் குறைகள்’? கோயில்ல மனு எழுதிப் போடுறியா?”

அன்று மாலையே வேலைத் தளங்களில் தேடினேன். மதுரை நிறுவனங்களின் விளம்பரங்களில் சம்பளம் போட்டிருந்தவை நான்குதான். எங்களைவிட்டு வேறு இடம் போன மூன்று பேரிடம், பெயரைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கேட்டேன். ஏழு எண்களையும் வரிசையாக எழுதியபோது நடுவில் நின்றது முப்பதாயிரம். அடுத்து என் வேலை. நான் பார்க்கும் இதழுக்கு மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்க ஒரு வழிமுறைத் தாள் எழுதியிருந்தேன். அதற்கு முன், நூறு கட்டுரை அனுப்பினால் ஒன்பது திருத்தத்துக்குத் திரும்பி வரும், இப்போது மூன்று. பதினேழு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. ‘குழுவினரின் பேருதவியால்’ என்று நான் நாலு இடத்தில் எழுதியிருந்ததில் மூன்றை அவள் அடித்தாள்.

“பேருதவி செஞ்ச நானே சொல்றேன், எடுத்துரு.”

ஏப்ரல் இரண்டாம் வாரம் மேலாளரின் கண்ணாடி அறைக்குள் போனேன். பட்டியலை மனிதவளத் துறைக்கு அனுப்ப அவருக்கு நான்கு நாள்தான் இருந்தது. மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் தாளை வாசிக்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது.

“ஏம்மா, மாசம் சராசரி நூத்தியஞ்சு கட்டுரைன்னு போட்டிருக்கீங்க. டார்கெட் நூத்தியிருவது. டார்கெட்டே தொடலையே, நான் எந்த மொகத்தோட மேல கேக்குறது?”

நியாயமான கேள்வி. இரண்டு வாரமாக நான் தயாரித்திருந்த வாதம் எல்லாம் எங்கேயோ போக, “ஆமா சார், கரெக்ட்தான் சார்” என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்திருக்கப் போனேன். அந்த அறைக்குள் எனக்கு எதிராக வலுவாக வாதாடியது நான்தான்.

“இருங்கம்மா. எந்த மாசம் விழுந்துச்சுன்னு பாப்போம்.”

போன ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான மாதவாரிக் கணக்கு பின்பக்கத்தில் இருந்தது. அவர் விரலை வைத்துக்கொண்டே வாசித்தார். “ஏப்ரல் சைபர். மே சைபர். ஜூன் சைபர்.” நிமிர்ந்து பார்த்தார். “மூணு மாசம் எங்க போயிருந்தீங்க?”

“பிள்ளை பெத்து வச்சுக்கிட்டு வீட்டுல இருந்தேன் சார்.”

“அந்த மாசத்தையும் சேத்தா வகுத்தீங்க?”

வருடம் என்றால் பன்னிரண்டு மாதம், மொத்தம் ஆயிரத்து இருநூற்று அறுபது, வகுத்துவிட்டேன். விடுப்பைக் கழித்தால் ஏமாற்றியது போல ஆகிவிடுமே என்றுகூட அப்போது தோன்றவில்லை. கழிக்கலாம் என்பதே தோன்றவில்லை. கட்டுரைகளில் இல்லாத காற்புள்ளியைக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் பிரசவம் கண்ணில் படவில்லை.

“ஒம்பதால வகுங்க.”

போனை எடுத்துத் தட்டினேன். “நூத்தி நாப்பது சார். மன்னிச்சிருங்க சார்.”

“நூத்தி நாப்பதுக்கு எதுக்கும்மா மன்னிப்பு?” என்று முதல் முறையாகச் சிரித்தார். பிறகு இரண்டாவது தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “முப்பது கேக்குறீங்க. இருவத்தஞ்சு சதவீதம். இங்க எல்லாருக்கும் எட்டுதான். வேற கம்பெனியில ஆஃபர் எதும் இருக்கா?”

இந்தக் கேள்வி வந்தால் வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரி என்று பக்கத்து இருக்கைக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள்.

“இல்ல சார். தேடக்கூட இல்ல சார்.”

அவரே சங்கடப்பட்டார். ஆனால் எல்லாவற்றையும் உளறிக் கொட்டிய பிறகு, இனிக் கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்ற தைரியம் எனக்கு வந்திருக்க வேண்டும். “எட்டு சதவீதம் வருஷா வருஷம் வர்றது சார். போன வருஷத்துது எனக்கு வரலை. மத்தது வெளிய தர்றதுக்கும் இங்க தர்றதுக்கும் உள்ள வித்தியாசம். ரெண்டையும் ஒண்ணா பாக்காதீங்க. புதுசா வந்த ரெண்டு பேரும் டார்கெட்டத் தொட நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் அவங்க இதழையும் சேத்து நான்தான் பாத்தேன்.”

இது ஒன்றரைப் பக்கத்தில் இல்லாத விஷயம். அவர் பேனாவை எடுத்தார். “இதை ஏன் எழுதலை? ஒம்பதால வகுத்து, இதையும் சேத்து, இன்னைக்கே மெயில் போடுங்க. அம்புட்டும் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்.”

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. நான் அதை நாலு முறை வாசித்தேன். பிறகு எழுந்து மனிதவளத் துறை இருக்கும் பக்கம் நடந்தேன்.

“எங்கடி போற?” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

“தப்பாப் போட்டுட்டாங்களோன்னு ஒரு தடவை கேட்டுட்டு வந்துர்றேன். பெறகு சம்பளத்துல பிடிச்சுக்கிட்டா?”

அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “அடி லூசு, அவங்களாச்சும் ஒம்பதால வகுத்தாங்களே. போடு கையெழுத்த.”

போட்டேன். காப்பகத்துக்குப் போன் செய்து, ஜூனிலும் குழந்தை வரும் என்று சொன்னேன். கணவருக்கு அப்புறம்தான் சொன்னேன். வரிசை மாறிவிட்டதோ என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.