சிவப்பைத் தேடிய பன்னிரண்டு நாள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கொன்றுமில்லை என்று சொல்லி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அனுப்பிவைத்தார்கள். புறப்படும்போது டாக்டர் ஒரே ஒரு எச்சரிக்கை தந்தார்: படுக்கைப் புண் வரவிடாதே.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. எங்கள் வரிசையிலேயே ஓர் எஞ்சின் டிரைவரின் தாயார் அதில்தான் போனார். கடைசி நாட்களில் முதுகின் அடியில் எலும்பு தெரிந்தது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போது நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். பக்கவாதத்துக்குத் தப்பிப் பிழைத்த அப்பாவை ஒரு புண்ணுக்குக் கொடுத்துவிடுவதா?

நான் கிராணி, ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. ஒரு கிராணிக்குப் பயம் வந்தால் என்ன செய்வான்? புத்தகம் தேடுவான், கோடு போடுவான். வாசகசாலையிலிருந்து நோயாளியைப் பராமரிப்பது பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நோயாளியைப் புரட்ட வேண்டும் என்றது புத்தகம். ஆபீஸ் தாளில் ரயில் அட்டவணை போலவே ஒன்று தயாரித்து, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினேன். ஆறு மணி இடது, எட்டு மணி மல்லாக்க, பத்து மணி வலது. எங்கள் இலாகாவின் அட்டவணைகளைப் போலவே அதுவும் பார்க்க அழகாக இருந்தது. நடைமுறை வேறு.

காரணம் அப்பாதான். முப்பது வருஷம் ரயில்வே யார்டில் வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். கட்டிலுக்கு இடது புறம் ஜன்னல், அதற்கு வெளியே தண்டவாளம். வலது புறம் சுவர்.

"டேய், சுவரப் பாத்துப் படுக்க நான் என்ன லாக்கப்புலயா கெடக்கேன்? நாலு தலகாணி வச்சு நிமித்தி விடு. சரக்கு வண்டி பின்னால வருது, என் எடத்துக்கு வந்தவன் எப்படித் திருப்புறான்னு பாக்கணும்."

நிமிர்த்தி விடுவோம். அரை மணியில் வழுக்கிக் கீழே இறங்கிவிடுவார். நானும் மனைவியும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்போம். மறுபடி வழுக்குவார், மறுபடி இழுப்போம். அட்டவணையில் 'வலது' என்ற கட்டங்களில் நான் டிக் போட்டுக்கொண்டுதான் வந்தேன். போடாமல் விட்டால் தாள் அசிங்கமாகத் தெரிந்தது.

புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு என்றது புத்தகம். எலும்பு முட்டும் இடங்களில், விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு. அதனால் தினமும் காலையில் ஆபீஸுக்குப் புறப்படும் முன் அப்பாவின் இடுப்பையும் குதிகால்களையும் டார்ச் லைட் அடித்துப் பரிசோதித்தேன். சிவப்பு இல்லை. சிறிய நோட்டில் 'சிவப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்புறம் புத்தகம் சொன்னபடி ஸ்பிரிட்டைத் தொட்டு, ரத்தம் ஓடட்டும் என்று வால் எலும்பின் மேல் வேர்க்க வேர்க்கத் தேய்த்தேன். அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைப்பு. என் சொந்த யோசனையும் ஒன்று இருந்தது. சைக்கிள் டியூபை வளையமாகச் சுற்றித் துணி தைத்து, காற்றடித்து, அவர் இடுப்புக்கு அடியில் வைத்தேன். ரப்பர் தேசத்தில் பிழைக்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்?

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டு வந்த மனைவி அடுப்படியில் நின்றபடி சொன்னாள்: "இங்க பாருங்க, மாமாவுக்கு முதுகுக்குக் கீழ ஒரு எடம் மட்டும் சுடுது."

"காய்ச்சலா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அங்க மட்டுந்தான். கொஞ்சம் கருத்தாப்பலயும் இருக்கு."

டார்ச்சை எடுத்துப் போய்ப் பார்த்தேன். சிவப்பு இல்லை. நோட்டைத் திறந்து காட்டினேன். அவள் நோட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு துணியை அலசப் போய்விட்டாள். பதினைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இப்படித் தன் வேலையைப் பார்க்கப் போன சமயங்களில்தான் நான் பயந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, பின்வரிசையில் இருக்கும் ஆயாம்மா அப்பாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். பெரியாஸ்பத்திரி வார்டில் இருபது வருஷம் ஆயாவாக வேலை பார்த்து ஓய்ந்தவர். படிப்பு கிடையாது. மனைவி போய் அழைத்து வந்திருக்கிறாள். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கைவிரல்களின் பின்புறத்தால் அவர் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். முதலில் சற்றுத் தள்ளி, அப்புறம் வால் எலும்பின் மேல், மறுபடி தள்ளி.

"கிராணியாரே, கிட்ட வாங்க. கையக் குடுங்க. அப்படி இல்ல, பொறங்கைய. இங்க வைங்க. இப்ப இங்க."

இரண்டாவது இடம் சுட்டது. அழுத்தினால் அடியில் வாத்து முட்டை அளவுக்கு ஒரு கெட்டி. சுற்றிலும் தோல் இளக்கமாக இருந்தது.

"ஆனா சிவப்பே இல்லையே ஆயாம்மா. நான் தெனமும் பாக்கறேன்."

"செவப்பத்தான் பாக்கணும்னு யாரு சொன்னா?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

ஆயாம்மா சிரித்தார். நல்ல வாய்விட்ட சிரிப்பு. "புத்தகம் எழுதுனவன் யாரு, தொரையா? தொர தோலுல செவப்புத் தெரியும். முப்பது வருசம் தண்டவாளத்துல வெயில் தின்ன மனுசன் தோலுல செவப்பு எங்கேருந்து வரும்? இவருக்குக் கருநீலமாத்தான் வரும், நாவப்பழம் மாதிரி. சூடு வரும். கெட்டி தட்டும். கண்ணால தேடுனா ஆப்டாது, கையால தேடணும்."

"நல்லாச் சொல்லும்மா," என்றார் அப்பா சுவரைப் பார்த்தபடி. "பன்னெண்டு நாளா என் முதுகுல வெளக்கடிச்சு எதையோ தேடுறான். நான் சாவிய எங்கயோ தொலச்சிட்டான்னுல்ல நெனச்சேன்."

"அய்யா, ஒங்களுக்கு அங்க வலிக்கலியா?"

"அந்தப் பக்கந்தான் செத்துப்போச்சே. எனக்கென்ன தெரியும்."

ஆயாம்மாவின் சிரிப்பு நின்றது. தேய்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். "இன்னியோட விடுங்க. ரத்தமில்லாம தவிக்கிற தோலு அது. தேச்சா உள்ளுக்குள்ள கிழியும். அக்குள்ல புடிச்சு இழுக்குறீங்களே, அதுவும் அதான். தோலு துணியோட ஒட்டிக்கிட்டு நிக்குது, எலும்பு மட்டும் மேல போவுது. நடுவுல எல்லாம் பிஞ்சு போவும்." டியூப் வளையத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "இது சுத்திலயும் நெரிச்சு நடுவுல ரத்தம் போவாம பண்ணுது. சைக்கிளுக்கே மாட்டுங்க."

"பொழச்சுக்குவாரா?" என்றேன்.

"தோலு இன்னும் ஒடையல. ஆனா உள்ள எவ்வளவு கெட்டிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. நாலஞ்சு நாள்ல தெரிஞ்சிடும். அது மேல ஒரு நிமிசம்கூட பாரம் விழக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்."

அன்றே கட்டிலைச் சுவரைவிட்டு அறையின் நடுவுக்கு இழுத்து, சற்றே திருப்பிப் போட்டோம். இடது பக்கம் சாய்ந்தால் ஜன்னல், வலது பக்கம் சாய்ந்தால் வாசல்வழியே சமையலறை. மல்லாக்க என்பதே அட்டவணையிலிருந்து போயிற்று. முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு முட்டும் என்பதால், முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சுத் தலையணையை முட்டுக் கொடுத்து அரைவாசி மட்டும் சாய்த்தோம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி. இழுப்பதற்குப் பதில், அடியில் மடித்துப் போட்ட போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்தினோம். விரிப்பில் சுருக்கம் கூடாது, சோற்றுப் பருக்கை கூடாது. ஈரமானால் உடனே துணி மாற்றி, வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஒற்றி உலர்த்தி, நல்ல தோலில் மட்டும் தேங்காய் எண்ணெயைப் பட்டும் படாமல் பூசினோம். முட்டை, மீன், பால் என்று அப்பாவின் தட்டு நிறைந்தது.

போர்வையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் காலையில் ஒரு தரமும் பிற்பகலில் ஒரு தரமும் வந்து கை கொடுத்தாள். பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் ஆபீஸிலிருந்து ஓடி வருவது நான். ஆபீஸில் நாற்காலி என்னைக் கடித்தது. ஒன்பதரைக்கே கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போய்விடும். உட்கார்ந்தே இருக்கிற என் இடுப்பிலும் சூடு தட்டுகிறதோ என்று எழுந்து நிற்பேன்.

"என்னய்யா, மூலமா?" என்றார் பெரிய கிராணி.

"இல்ல சார். அப்பாவைத் திருப்பணும்."

"தெனமுமா?"

"ரெண்டு மணிக்கொரு தரம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம எக்ஸ்பிரஸே அவ்வளவு நேரத்துக்கு வர்றதில்லையேய்யா. போ, போ. ஆனா மேஜைல கெடக்குற ஃபைலை சாயங்காலம் முடிச்சிட்டுப் போ."

சைக்கிளில் பறப்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் புறங்கையை வைப்பேன். சூடு குறைந்திருக்கிறதா? நேற்றைவிடவா, இன்று காலையைவிடவா? வெயிலில் மிதித்து வந்த என் கையே கொதிக்கும்போது எதை வைத்து அளப்பது? கையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தரம்டா அங்கயே தொடுவ?" என்பார் அப்பா. "மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசுறியா?"

ஐந்தாம் நாள் மேல்தோல் உரிந்தது. இருபது காசு நாணயத்தின் அகலம். மனைவி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் முற்றத்துக்குப் போய்ச் சும்மா நின்றேன். அந்த எஞ்சின் டிரைவர் வீட்டுக் கதவு அங்கிருந்து தெரிந்தது.

ஆயாம்மா வந்து குனிந்து, முகர்ந்து பார்த்தார். "நாத்தம் இல்ல, சீழ் இல்ல, குழியும் இல்ல. மேலாக்கத்தான். காய்ச்சல் வந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ, ஓரம் கருத்தாலோ என்னய வந்து தேடாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க." காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் கழுவி, வேகவைத்து உலர்த்திய வெள்ளைத் துணியில் மூடச் சொன்னார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொடவே கூடாது என்றார்.

ஏழு வாரம். அப்பாவுக்குச் சமையலறைப் பக்கம் புதிய உத்தியோகம் கிடைத்தது: மருமகள் மீன் குழம்புக்கு எப்போது புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று சிக்னல் கொடுப்பது. புண் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, பார்த்தால் தெரியாத வேகத்தில் சுருங்கிற்று. ஒரு நாள் துணியை எடுத்தபோது ஈரமே இல்லை. வெளிறிய, மெல்லிய தோல், நீர்க்குமிழியின் மேற்பரப்பு போல.

"மூடிடுச்சு," என்றேன் ஆயாம்மாவிடம். பரீட்சையில் தேறியவன் போல் நின்றிருந்தேன் போலும்.

"மூடுனது பழைய தோலு இல்லீங்க. பலமிருக்காது. இனிமேதான் கவனமாப் பாக்கணும்."

அந்த நொடியில் நான் எதிர்பார்த்திருந்த நிம்மதி வரவில்லை. பிறகும் வரவில்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஆபீஸில் ஒரு துரை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது கால் மணி தாமதம். அப்பா கண் திறந்து ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தார். வெளியே ஒரு சரக்கு வண்டி லைன் மாறிக்கொண்டிருந்தது, அவருக்கு மிகவும் பிடித்த காட்சி.

"அது போகட்டும்ப்பா, அப்புறம் திருப்பறோம்," என்றேன்.

"வண்டி கெடக்கட்டும்டா," என்றார். "மணி என்ன ஆச்சு? அவளக் கூப்பிடு. அந்தப் பக்கம் திருப்பு."