ஆயுசு குறைந்த பெட்டிகள்

பெரியநாயக்கன்பாளையத்தில் பிஸ்கட் ஏஜென்சி வைத்திருந்த காலத்தில், குடோனைத் திறந்ததும் காரமடை ரங்கநாதர் படத்துக்குச் சூடம் காட்டுவேன். அதற்கப்புறம்தான் லாரிப் பக்கம் போவேன். ஆறு மாதம் தாங்கும் பிஸ்கட் என்றால், எங்கள் வாசலுக்கு வரும் நாளில் நாலு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். இல்லாத பெட்டியை இறக்கமாட்டேன். ஏஜென்சி கொடுத்தபோது கம்பெனியே ஒத்துக்கொண்ட விதி அது. மலையோரத்துக் கடைகளில் ஒரு பெட்டி தீர மாதக்கணக்காகும். கெடு தாண்டிவிட்டால் கடைக்காரர் என் சட்டையைப் பிடிப்பார், கம்பெனியோ கையை விரிக்கும்.

இந்த விதியை மறக்கவென்றே பிறந்தவர் எங்கள் சேல்ஸ் ஆபீசர். கழுத்தில் டை, கையில் தோல்பை. மாசக் கடைசியில் டார்கெட் நெருங்கினால் மட்டும் அவருக்குப் பக்தி பொத்துக்கொண்டு வரும்.

காரமடைத் தேருக்குச் சில நாள் முன்னால், பெரிய லோடு ஒன்றுடன் அவரே வந்து இறங்கினார். லாரியின் கதவோரப் பெட்டிகள் எல்லாம் புதுசு. வழக்கம்போல லோடுமேனிடம் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒன்றை உருவச் சொன்னேன். உள்ளே இருந்தவை எல்லாம் மூன்று மாதம் பழையவை. ஆயுசில் பாதி போயிருந்தது.

"இது இறங்காதுங்க சார்."

"ஏனுங்ணா, பில்லு போட்ட தேதியிலிருந்து கணக்குப் பாருங்க. டிப்போவுல கெடந்ததுக்கு நானா பொறுப்பு?"

"பில்லு போட்ட அன்னிக்கும் பழசுதானுங்க. பில்லா பிஸ்கட்டைத் திங்கப்போகுது? எங்க வாசலுக்கு வர்ற அன்னிக்கு என்ன மிச்சமோ அதுதான் கணக்கு."

"பிஸ்கட் நல்லாத்தானுங்ணா இருக்குது. தேர்க் கூட்டத்துல ரெண்டே நாள்ல தீந்துபோயிருமுங்க."

"பிஸ்கட் மேல எனக்கு வருத்தமில்லைங்க சார். தேருக்கு வர்ற சனம் பொரியும் பேரீச்சம்பழமும்தான் வாங்கும். மிச்சமெல்லாம் கடையில தங்குமுங்க. அப்புறம் யாரு திருப்பி எடுப்பாங்க, நீங்களா?"

அவர் சுவரில் சூடப்புகை படிந்திருந்த படத்தைப் பார்த்தார். மூஞ்சி மலர்ந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணலாமுங்ணா. பில்லை வாங்கிக்கிட்டு சரக்கைக் கோயில் பந்தல்ல சனத்துக்குக் குடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுது."

கடைக்காரன் தொடாததைப் பெருமாள் பந்தலுக்குத் தள்ளப் பார்க்கிறார்! காசு என்னுடையது, டார்கெட் அவருடையது. ரங்கநாதருக்கு மட்டும் பாதி ஆயுசு போன பிஸ்கட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரொம்ப நல்ல யோசனைங்க சார். கம்பெனி பேருலயே குடுத்துருங்க. எனக்குப் பில்லு வேண்டாமுங்க."

லோடுமேன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். பில்லு இல்லை என்றதும் ஆபீசரின் பக்தி எங்கே போனதோ தெரியவில்லை. லாரி ரசீதில், புதுசை மட்டும் இறக்கினோம், மற்றவை ஆயுசு குறைவு, திருப்பியனுப்புகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"காரமடை லைன் இனி உங்களுக்கு இல்லீங்ணா" என்றார் ஆபீசர். என் வியாபாரத்தில் பாதி அந்த லைன் கடைகளில்தான். "நீ கும்பிடற சாமியோட ஊரையே புடுங்கிட்டானே அந்த ஆளு" என்று மச்சான் வேறு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினான்.

லைனை வேறொரு ஏஜென்ட் வாங்கிக்கொண்டார். நான் திருப்பியனுப்பிய பெட்டிகளும் முழுசாக அவர் தலையில் இறங்கின. தேர் நிலைக்கு வந்து வெகுநாள் ஆகியும் பெட்டிகள் கடைகளிலேயே குந்தியிருந்தன. வெயில் காலம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக அவர் குடோனுக்குத் திரும்பி வந்தன. கம்பெனி கையை விரித்தது. அவர் லைனை விட்டுப்போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் என் வீடு தேடி வந்தார். டை இல்லை.

"காரமடை லைனைத் திரும்ப நீங்களே எடுத்துக்கோணுமுங்ணா. கூடவே அந்த ஏஜென்ட்டுகிட்ட கொஞ்சம் பெட்டி கெடக்குது, அதையும்..."

அதற்குள் என் வீட்டுக்காரி டீயையும் எங்கள் பிஸ்கட் பாக்கெட் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தாள். மனிதர் பேச்சை நிறுத்தினார். பாக்கெட்டை எடுத்தார். பிரிக்காமல் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பேக்கிங் மாதத்தைப் பார்த்தார்.

"பயப்படாமத் தின்னுங்க சார், புதுசுதானுங்க. சாமிக்கு வெச்சு எடுத்தது" என்றாள் அவள்.

அவர் நிமிரவே இல்லை. "லைனை எடுத்துக்கறேனுங்க சார். பெட்டியை மட்டும் நீங்களே வெச்சுக்கோங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.